யாருடைய சாப்பாட்டுப் பெட்டியில் புரதம் கூட?

புரதச்சத்து என்ற சொல்லைக் கேட்டிராத தாய் எமது மத்தியில் ஒருவரும் இருக்கமாட்டார். கர்ப்பிணிச் சிகிச்சை நிலையத்தில் கேட்டிருப்போம். பிள்ளையின் நிறை குறைந்தபோது மருத்துவமாது சொல்லக் கேட்டிருப்போம். "பருப்பு, முட்டை, மீன், கடலை சாப்பிடுங்கள்" என்ற வசனம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் எவ்வளவு சாப்பிட வேண்டும், நாம் சமைப்பதில் எவ்வளவு இருக்கிறது, அது யாருடைய தட்டில் போய்ச் சேர்கிறது என்ற மூன்று கேள்விகளையும் யாரும் எம்முடன் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதில்லை.

கண்டியில் எனக்குத் தெரிந்த இரண்டு சிநேகிதிகள் தங்களுக்குள் போட்ட சண்டையினால் அந்தக் கணக்கைப் பார்க்க நேர்ந்தது. ஒருவர் கிளிநொச்சிப் பக்கத்தவர். யுத்தத்தில் கணவனை இழந்து, மூன்று பிள்ளைகளோடும் தாயோடும் கண்டிக்கு வந்து, ஒரு தையற் கடையில் வேலை செய்கிறார். அவரை வன்னி அக்கா என்று வைத்துக்கொள்வோம். மற்றவர் கம்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, நகரில் ஒரு கடையில் கணக்கெழுதும் இளம் பெண். அவர் கம்பளைத் தங்கச்சி.

இருவரும் சிநேகிதமானது நகரில் ஒரு மாடிக் கட்டிடத்தில் இயங்கும் சிறிய ஜிம்மில். காலையில் ஒரு மணித்தியாலம் அங்கே பெண்களுக்கு மட்டும். நாள் முழுவதும் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருந்து முதுகு பிடித்ததால், வைத்தியர் பயிற்சி செய்யச் சொல்லி அக்கா அங்கே போனார். தங்கச்சி பாரம் தூக்கிப் பலம் பெற வேண்டும் என்ற ஆசையில் போனார். மதியத்தில் இருவரும் தையற் கடையின் பின்னறையில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்தக் கடையில் வேலை செய்யும் பெண்களைப் பார்க்க நான் போவதுண்டு. ஒரு நாள் நான் போனபோது சண்டை நடந்துகொண்டிருந்தது.

சண்டை

"அக்கா, சும்மா சொல்லாதீங்க. பைக்கற்ல போட்டிருக்கு பாருங்க. நூறு கிராமுக்கு அம்பது கிராம் புரதம். உங்க பருப்புல அதுல பாதிகூட இல்ல" என்றார் தங்கச்சி. கையில் சோயாமீற் பைக்கற்றின் வெற்று உறை.

"நீ கடதாசியைப் பாத்துக் கதைக்கிறாய் பிள்ளை. முகாமில இருக்கேக்க இந்தப் பருப்புத்தான் எங்களைக் காப்பாத்தினது. இங்க பார், பருப்பு இருக்கு, நெத்தலி இருக்கு, முட்டை இருக்கு. உன்ர பெட்டியில ஒரே ஒரு கறி. மூண்டு பெரிசோ, ஒண்டு பெரிசோ?"

"ஒண்ணுதான் பெரிசு. வீட்டுத் தராசுல நிறுத்துட்டுத்தான் வந்தேன். சோயா மட்டும் நூத்தி முப்பது கிராம். அப்படின்னா அறுபத்தஞ்சு கிராம் புரதம்!"

அக்கா என்னைப் பார்த்து, "நீர் படிச்சனீர்தானே, நீரே சொல்லும்" என்றார். நான் இரண்டு பெட்டிகளையும் பார்த்தேன். பார்வைக்கு இரண்டுமே நல்ல சாப்பாடுதான். ஆனால் பெட்டியைப் பார்த்து எவராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் முதற் பாதி.

சட்டிக்குள் போவதற்கு முன்பு நிறுக்க வேண்டும்

பைக்கற்றில் போட்டிருப்பது பொய் அல்ல. எண்ணெய் எடுத்த சோயா மாவிலிருந்து செய்யப்படும் சோயாமீற்றில் ஏறக்குறையப் பாதி புரதமே. ஆனால் அது காய்ந்த சோயாவின் கணக்கு. நாம் அதை வெந்நீரில் ஊறப்போட்டுப் பிழிந்து, குழம்பில் கொதிக்க வைக்கிறோம். அது தண்ணீரை உறிஞ்சி ஊதுகிறது. அடுத்த நாள் தங்கச்சியின் தராசிலேயே பார்த்தோம். காய்ந்த நிலையில் 30 கிராமாக இருந்தது, ஊறவைத்துப் பிழிந்த பின் ஏறக்குறைய 90 கிராமாக நின்றது. மேலதிகமாக வந்த 60 கிராமும் தண்ணீர். தண்ணீரில் புரதம் இல்லை.

தங்கச்சியின் பெட்டியில் இருந்த 130 கிராம் என்பது ஊறிய சோயாவும் குழம்பும் சேர்ந்த நிறை. அவருடைய வீட்டில் 90 கிராம் பைக்கற் ஒன்றைச் சமைத்து மூன்று பேர் பங்கிட்டிருக்கிறார்கள். ஆகவே அவருக்குக் கிடைத்தது காய்ந்த கணக்கில் 30 கிராம். அதில் பாதி 15 கிராம். அறுபத்தைந்து என்று நினைத்தது பதினைந்தாகியது.

அக்கா சிரித்தார். ஆனால் பருப்பிலும் இதே கதைதான். காய்ந்த மைசூர்ப் பருப்பில் 100 கிராமுக்குச் சுமார் 24 கிராம் புரதம் உண்டு. கெட்டியாக அவித்த பருப்பில் அது 9 கிராமாகிவிடும். தேங்காய்ப் பாலும் தண்ணீரும் விட்டுக் கறியாக்கினால் இன்னும் குறைவு. புரதம் எங்கேயும் ஓடிவிடவில்லை. அதே அளவு புரதம் அதிக தண்ணீருக்குள் பரவி நிற்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே கணக்குப் பார்ப்பதற்கு ஒரே ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும். சமைத்ததை நிறுக்காதீர்கள். சட்டிக்குள் போவதற்கு முன்பு, காய்ந்த நிலையில் எவ்வளவு போட்டீர்கள் என்று பாருங்கள். அதன் புரதத்தைக் கண்டு, எத்தனை பங்காகப் பிரிகிறதோ அத்தனையால் வகுத்துவிடுங்கள்.

தராசு இல்லாத வீட்டிலும் இதைச் செய்யலாம். கடையில் வாங்கும் பைக்கற்றே எமது தராசு. 500 கிராம் பருப்புப் பைக்கற் ஒன்றில் மொத்தம் 120 கிராம் புரதம் இருக்கிறது. அது உங்கள் வீட்டில் எத்தனை வேளைக்கு வருகிறது, ஒரு வேளைக்கு எத்தனை பேர் என்று எண்ணுங்கள். நான்கு வேளை, ஐந்து பேர் என்றால் 20 பங்கு. 120ஐ 20ஆல் வகுத்தால் ஒரு பங்குக்கு 6 கிராம். பைக்கற்றை உடைத்த திகதியை அதன் மேலேயே பேனாவால் எழுதிவிட்டால், முடியும் நாளில் கணக்குத் தானாக வந்துவிடும்.

இரண்டு பெட்டிகளின் கணக்கு

இந்த முறைப்படி அக்காவின் பெட்டியைப் பார்த்தோம். அவர் 250 கிராம் பருப்பைக் காலையில் சமைத்து மதியத்துக்கும் இரவுக்கும் வைக்கிறார். ஐந்து பேருக்கு இரண்டு வேளை, பத்துப் பங்கு. ஒரு பங்குக்குக் காய்ந்த பருப்பு 25 கிராம், புரதம் 6 கிராம். 

காய்ந்த நெத்தலி 100 கிராமை வெங்காயம், மிளகாயோடு பொரித்து அதையும் பத்துப் பங்காக்குகிறார். காய்ந்த நெத்தலியில் தண்ணீர் மிகக் குறைவு என்பதால் அதில் பாதிக்கு மேல் புரதம். ஒரு சிறு பிடி, அதாவது 10 கிராம், சுமார் 6 கிராம் புரதம் தரும். இந்தச் சின்ன மீன் பருப்பின் பங்குக்குச் சமமாக நின்றது இருவருக்கும் ஆச்சரியம். முட்டை ஒன்றில் 6 கிராம். அக்காவின் பெட்டியில் இருந்தது அவித்த முட்டையில் பாதி. ஆகவே 3 கிராம். மூன்றும் சேர்ந்து 15.

தங்கச்சியின் சோயாவும் 15. அவருடைய போஞ்சிக் கறிக்கு ஒரு கிராம் போடலாம்.

"அப்ப நான் ஒரு கிராமால தோத்திட்டேனோ?" என்றார் அக்கா.

இல்லை. ஒரு கிராம் வித்தியாசம் அகப்பை சற்றுச் சாய்ந்தாலே மாறிவிடும். இத்தகைய கணக்கில் இரண்டு மூன்று கிராமை வித்தியாசமாகக் கொள்ளக்கூடாது. இருவரும் சமம். அதோடு, இருவருமே பெட்டியில் பாதிக்கு மேல் இருந்த ஒன்றை எண்ணவே இல்லை. அதுதான் சோறு.

சோற்றை மறந்துவிட்டார்கள்

சோறு மாச்சத்து, பருப்பு புரதம் என்று பாடசாலையில் படித்ததால் சோற்றில் புரதமே இல்லை என்று பலர் நினைக்கிறோம். பச்சையாக 100 கிராம் அரிசியில் சுமார் 7 கிராம் புரதம் இருக்கிறது. இந்த இரண்டு பெட்டிகளிலும் ஏறக்குறைய அந்தளவு அரிசியின் சோறு இருந்தது. ஆகவே இருவருக்கும் இன்னுமொரு 7. தங்கச்சிக்கு மொத்தம் 23, அக்காவுக்கு 22.

முகாமில் பருப்புக் காப்பாற்றியது என்று அக்கா சொன்னார் அல்லவா? அதிலும் ஒரு கணக்கு உண்டு. உலக உணவுத் திட்டத்தின் மாதிரிப் பங்கீட்டில் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தானியம் 400 கிராமும் பருப்பு வகை 60 கிராமும் இடம்பெறும். 400 கிராம் அரிசியில் 28 கிராம் புரதம், 60 கிராம் பருப்பில் 14 கிராம். அளவில் பார்த்தால் அரிசி தருவது பருப்பைப் போல இரண்டு மடங்கு.

ஆனாலும் அக்கா சொன்னது உண்மைதான். புரதம் பல வகைத் துண்டுகளால் கோக்கப்பட்ட மாலை போன்றது. லைசின் என்ற ஒரு துண்டு அரிசியில் குறைவு, பருப்பில் தாராளம். பருப்பில் குறைவான வேறொரு துண்டு அரிசியில் போதியளவு உண்டு. உடம்பு தனக்கு வேண்டிய தசையைக் கட்ட எல்லாத் துண்டுகளும் வேண்டும். சோறு மட்டும் இருந்தால் லைசின் முடிந்த இடத்தில் வேலை நின்றுவிடும். அந்த 60 கிராம் பருப்பு, தன்னுடைய 14 கிராமோடு நிற்காமல் அரிசியின் 28 கிராமையும் பயன்படச் செய்கிறது. சோறும் பருப்பும் ஒரே கவளத்தில் வர வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒரே நாளுக்குள் இரண்டும் போனால் போதும். முட்டை, மீன், பால், தயிர் இவற்றில் எல்லாத் துண்டுகளும் உண்டு. சோயாவும் இதில் மற்றப் பருப்பு வகைகளைவிட மேல்.

ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்?

உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட அளவின்படி, சுகதேகியான வளர்ந்த ஒருவருக்கு உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாளாந்தம் வேண்டும். 50 கிலோ நிறையுள்ள பெண்ணுக்கு அது 42 கிராமளவில் வரும். பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதங்களில் இதற்கு மேலாக நாளொன்றுக்கு ஏறக்குறைய 19 கிராம் தேவை. 

வயல் வேலை, கூலி வேலை, தண்ணீர் சுமப்பது போன்ற கடும் வேலை செய்பவர்களுக்கு இதைவிட மிக அதிகம் வேண்டும் என்று நினைக்கத் தேவையில்லை. அவர்களுக்கு முதலில் கூட வேண்டியது மொத்தச் சாப்பாடு. வயிற்றுக்குப் போதிய சோறோ ரொட்டியோ இல்லாவிட்டால், சாப்பிட்ட புரதத்தையும் உடம்பு விறகைப் போல எரித்துவிடும். தசையைக் கட்ட அது மிஞ்சாது. சோற்றைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு ஒரு முட்டையைக் கூட்டுவதில் பயன் குறைவு. தங்கச்சியைப் போலப் பாரம் தூக்கித் தசையை வளர்க்க விரும்புபவர்கள் கிலோவுக்கு 1.2 கிராமோ அதற்கு மேலோ எடுப்பது வழமை.

அக்காவின் நிறை 52 கிலோ. அவருக்கு வேண்டியது 43 கிராம். மதியத்தில் 22 கிடைக்கிறது. "அப்ப பாதி வந்திட்டுது. மிச்சம் காலமையும் இரவும் வரும்தானே" என்றார் அவர். அதையும் எழுதிப் பார்த்தோம். உண்மையான கதை அங்கேதான் இருந்தது.

பங்கு கடதாசியில் ஒன்று, தட்டில் வேறொன்று

காலையில் அக்கா சாப்பிடுவது இரண்டு துண்டு பாணும் பிளேன்ரீயும். அதில் 5 கிராம். இரவுக்கு நாம் பத்துப் பங்குக் கணக்கில் அவருக்கு ஒரு பங்கு பருப்பும் ஒரு பங்கு நெத்தலியும் எழுதியிருந்தோம். சோற்றோடு சேர்த்து 19 வர வேண்டும். அப்படியானால் 22, 5, 19, மொத்தம் 46. தேவையைவிடச் சற்றுக் கூடவே இருக்கிறது.

"இரவில நெத்தலி எனக்கு எங்க மிஞ்சிறது?" என்றார் அக்கா. "பொடியனுக்கு நெத்தலி எண்டால் உயிர். சின்னவளுக்குப் பருப்பை மசிச்சுக் குடுப்பன். அம்மாவுக்குப் பல்லில்லை, அவவுக்கும் பருப்புத்தான். நான் சொதியை விட்டுச் சாப்பிட்டிட்டுப் படுத்திடுவன்."

மதியத்தில் அவருக்குப் பங்கு கிடைப்பது, பெட்டியில் கட்டிக்கொண்டு வருவதால். இரவில் எல்லோரும் சாப்பிட்ட பின்பு சட்டியில் மிஞ்சுவதே அவருக்கு. தேங்காய்ப் பாலில் வைத்த சொதியில் புரதம் மிகக் கொஞ்சம். ஒரு கிராம் என்று தாராளமாகப் போட்டாலும், சோற்றின் 7 கிராமோடு இரவுக்கு 8. அப்போது மொத்தம் 35. தேவை 43. ஒவ்வொரு நாளும் 8 கிராம் குறைவு. ஒரு முட்டையைவிட அதிகம்.

கவனியுங்கள். அந்த வீட்டில் புரதம் போதாமல் இல்லை. ஐந்து பேருக்கும் போதியளவு சட்டியில் இருந்தது. அது பங்கிடப்பட்ட விதத்தில் ஒருவருக்கு மட்டும் குறைந்தது. சமூகவியல் படித்த காலத்தில் குடும்பம் என்பதை ஓர் அலகாக எடுத்துப் புள்ளிவிபரம் எழுதுவோம். ஒரு குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு பருப்பு, எவ்வளவு மீன் என்று அதில் வரும். ஆனால் குடும்பம் சாப்பிடுவதில்லை. ஆட்கள்தான் சாப்பிடுகிறார்கள். கணவன் இருந்த காலத்தில் அவருக்கு முதற் பங்கு வைத்துப் பழகிய கை, அவர் போன பின்பு மூத்த மகனுக்கு வைக்கிறது. உழைப்பவள் தானாகிவிட்ட பின்பும் தன் பங்கை அவள் கடைசிக்கே விடுகிறாள்.

"அதுகள் வளருற பிள்ளையள்" என்றார் அக்கா. நியாயமான பேச்சு. வளரும் பிள்ளைகளுக்கு ஒரு கிலோ நிறைக்கு எம்மைவிடச் சற்றுக் கூடத்தான் வேண்டும். ஆனால் அவர்களுடைய நிறை குறைவு. ஆகவே சின்னவளுக்கு வேண்டிய மொத்த அளவு தாயினதைவிடக் குறைவு. பதினைந்து வயது மூத்தவனுக்கு ஏறக்குறையத் தாயின் அளவே வேண்டும், அவனுக்காக அவள் தன்னுடையதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. திரிபோஷ பொதியிலும் இதுவே நடக்கிறது. 100 கிராம் திரிபோஷவில் 20 கிராம் புரதம் உண்டு. 750 கிராம் பொதிகள் இரண்டு, ஒருவருக்கு ஒரு மாதம், நாளுக்கு 50 கிராம் என்ற கணக்கில் அது கொடுக்கப்படுகிறது. வீட்டில் ஐந்து பேர் உருண்டை பிடித்துச் சாப்பிட்டால், கர்ப்பிணிக்கு என்று கொடுத்த 10 கிராம் புரதம் 2 கிராமாகிவிடும்.

அக்கா என்ன செய்தார்?

மேலதிகமாகப் பணம் செலவழிக்க அவரிடம் வழியில்லை. அவர் இரண்டு மாற்றங்கள் செய்தார். முதலாவது, காலையில் சட்டியை இறக்கியதும் மதியப் பெட்டியைக் கட்டும் அதே நேரத்தில், தன் இரவுப் பங்குப் பருப்பையும் நெத்தலியையும் மூடியுள்ள சிறு கிண்ணத்தில் எடுத்து வைத்தார். பருப்பு பழுதாகாமல் இருக்க மாலையில் வீட்டுக்கு வந்ததும் அதைத் திரும்பக் கொதிக்க வைக்கிறார். வெப்பம் கூடிய வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் இருப்பவர்கள் தேங்காய்ப் பால் சேர்க்காத பருப்பை மட்டும் இப்படி எடுத்து வைப்பது நல்லது. இரவில் புதிதாகச் சமைப்பவர்கள் பரிமாறத் தொடங்கும் முன்பு தன் பங்கை எடுத்து வைத்தால் போதும்.

இரண்டாவது, கிழமையில் மூன்று நாள் பாணுக்குப் பதிலாகப் பயறு. இரவே கழுவி ஊறப்போட்டு, காலையில் அவித்துத் தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டு எல்லோரும் சாப்பிடுகிறார்கள். ஒருவருக்குக் காய்ந்த கணக்கில் 50 கிராம் பயறு என்றால் 12 கிராம் புரதம். இரண்டு துண்டு பாண் தந்த 5 கிராமோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கௌபியும் கிட்டத்தட்ட இதேயளவு தரும்.

தங்கச்சிக்கும் ஒரு பயன் கிடைத்தது. பலம் கூட வேண்டுமானால் புரத மாவு டப்பா வாங்கும்படி ஒருவர் அவருக்குச் சொல்லியிருந்தார். அத்தகைய மாவில் ஒரு கரண்டி பொதுவாக 20 முதல் 25 கிராம் புரதம் தரும். அதே 22 கிராமளவை அவருடைய 90 கிராம் சோயாமீற் பைக்கற்றில் பாதி தந்துவிடும். எது மலிவு என்பதை நீங்களும் உங்கள் கடை விலையில் பார்க்கலாம். பைக்கற்றின் விலையை அதிலுள்ள மொத்தப் புரதத்தால் வகுக்க வேண்டும். 500 கிராம் பருப்பில் 120, 90 கிராம் சோயாமீற்றில் 45, 100 கிராம் காய்ந்த நெத்தலியில் 60, பத்து முட்டையில் 60. 2022 நெருக்கடியில் முட்டையும் மீனும் எட்டாத விலைக்குப் போனதைப் பார்த்தோம். விலை மாறும்போதெல்லாம் இந்த வகுத்தலைத் திரும்பச் செய்து பார்த்தால், அந்த மாதம் எதை வாங்குவது என்பது தெரியும்.

கவனிக்க வேண்டியவை

சின்னப் பிள்ளைகளுக்குப் பருப்புத் தண்ணீரை இறுத்துக் கொடுத்துவிட்டுப் பருப்புக் கொடுத்ததாக எண்ணும் வழக்கம் எம்மிடம் உண்டு. எலும்பு சூப்பும் அப்படியே. புரதம் அடியில் இருக்கும் பருப்பிலும் எலும்பைச் சுற்றியுள்ள இறைச்சியிலும்தான் இருக்கிறது. ஆறு மாதம் கடந்த பிள்ளைக்குப் பருப்பையே மசித்துக் கொடுங்கள். சோயாமீற்றைப் போலன்றி முழுச் சோயா அவரையை வாங்கினால், இரவு ஊறவைத்து நன்றாக மசியும்வரை அவிக்க வேண்டும். அரைவேக்காட்டில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் அதில் எஞ்சியிருக்கும். கருவாட்டிலும் நெத்தலியிலும் உப்பு அதிகம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வெந்நீரில் கழுவிப் பிழிந்து சமைத்து, அளவோடு சாப்பிட வேண்டும்.

களைப்பு, முடி உதிர்தல், காயம் ஆறத் தாமதம் ஆகியவை புரதக் குறைவில் வரலாம். ஆனால் இரும்புச்சத்துக் குறைவிலும் வேறு நோய்களிலும் இவை வரும். ஆகவே இவற்றை வைத்து நீங்களே முடிவு செய்யாமல் கிளினிக்கில் காட்டி இரத்தம் சோதியுங்கள். பிள்ளையின் நிலையை அறிய, சுகாதார அட்டையிலுள்ள நிறைக் கோடு உதவும். கோடு ஏறாமல் கிடையாகப் போனால் அல்லது கீழே இறங்கினால் மருத்துவமாதுவிடம் உடனே காட்டுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. வவுனியாப் பக்கத்திலும் வடமத்திய மாகாணத்திலும் அந்த நோய் உள்ள குடும்பங்கள் பல. அவர்களுக்குப் புரதத்தைக் கூட்டுவது கெடுதலாகலாம் என்பதால் வைத்தியர் சொல்லும் அளவையே கடைப்பிடிக்க வேண்டும்.

சகோதரிகளே, இன்று நீங்கள் உடைக்கும் பருப்புப் பைக்கற்றின் மேல் திகதியை எழுதுங்கள். அது முடியும் நாளில் எத்தனை பங்கு என்று எண்ணி, 120ஐ அதனால் வகுத்துப் பாருங்கள். பிறகு அந்தப் பங்குகளில் உண்மையாகவே உங்கள் தட்டுக்கு வந்தவை எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டு எண்களும் ஒன்றாக இல்லாவிட்டால், அடுத்த பைக்கற்றை உடைக்கும் நாளில் பரிமாறும் ஒழுங்கை மாற்றுங்கள்.